கனெக்டட் என்று சொன்னால் போதுமா?

மாடி அறையில் வைஃபை எடுக்கவில்லை என்று யாராவது வாய் திறந்தால் போதும், கடைக்காரரிலிருந்து சித்தப்பா பையன் வரை எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "ஒரு எக்ஸ்டெண்டர் வாங்கி மாட்டுங்க சார், வேலை முடிஞ்சுது." ஆயிரத்துச் சொச்சத்திலிருந்து மூவாயிரம் ரூபாய் வரை கொடுத்து வாங்கி, சுவரில் இருக்கும் பிளக்கில் செருகி, பட்டனை அழுத்தினால் பச்சை விளக்கு எரிகிறது. போனில் நான்கு கோடும் நிறைந்து நிற்கிறது. "கனெக்டட்" என்று எழுத்தும் வருகிறது. ஆனால் வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் செய்யும் அடுத்த காரியம், இணைய நிறுவனத்துக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பது. அல்லது மாதக் கட்டணத்தை உயர்த்தி 100 எம்பிபிஎஸ் திட்டத்தை 200 ஆக மாற்றிக்கொள்வது. இரண்டும் வீண். பழுது எங்கே என்று பார்க்காமல் மாதாமாதம் பணம் கட்டுவதுதான் மிச்சம். இந்தக் கட்டுரையின் வாதம் எளிமையானது. எக்ஸ்டெண்டர் என்ற பொருள் பொய் சொல்வதில்லை, ஆனால் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறது. "போனுக்கும் எக்ஸ்டெண்டருக்கும் இடையில் இணைப்பு இருக்கிறதா?" என்பதற்கு அது "ஆமாம்" என்கிறது. நாம் தெரிந்துகொள்ள வேண்டியதோ, எக்ஸ்டெண்டருக்கும் ரவுட்டருக்கும் இடையில் எப்படி இருக்கிறது என்பது. போனில் தெரியும் நான்கு கோடு அந்த இரண்டாவது பாதையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது.

அந்த இரண்டாவது பாதைக்கு ஆங்கிலத்தில் பேக்ஹால் என்று பெயர். பின்பாதை என்று சொல்லிக்கொள்ளலாம். மொத்தக் கதையும் அங்கேதான் இருக்கிறது.

உதாரணத்துக்கு நம் ஊரில் வழக்கமாகப் பார்க்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கீழே முன் ஹாலில், வாசல் பக்கத்து மூலையில் ஃபைபர் ரவுட்டர். (ஃபைபர் கம்பி இழுக்க வந்தவர் வாசலுக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டுப் போய்விடுவார். அவருக்குக் கம்பி மிச்சம், வீட்டுக்காரருக்கு வருடக்கணக்கில் தலைவலி.) நடுவில் மாடிப்படி. மாடியில் பின்பக்கம் ஒரு அறை, அங்கே கல்லூரியில் படிக்கும் பெண். ஆன்லைன் தேர்வு எழுதும்போது கேமரா தொடர்ந்து ஓட வேண்டும், இணைப்பு இரண்டு தடவை அறுந்தால் கண்காணிப்பாளர் கேள்வி கேட்பார். திட்டம் 100 எம்பிபிஎஸ். ரவுட்டர் முன்னால் நின்று ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 92 வருகிறது. ஆகவே நிறுவனம் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டது. மாடி அறையில், எக்ஸ்டெண்டர் இல்லாமல் ரவுட்டரிலிருந்தே நேராக எடுத்தால் 14. அதுவும் அவ்வப்போது அறுந்து போகிறது.

அப்பா எக்ஸ்டெண்டர் வாங்கி வந்து மகளின் மேசைக்குப் பக்கத்துப் பிளக்கிலேயே மாட்டினார். எங்கே சிக்னல் இல்லையோ அங்கேதானே மாட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் தோன்றுகிற நியாயம். பச்சை விளக்கு, நான்கு கோடு. ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 11! முன்பு 14 வந்தது, காசு கொடுத்துக் கருவி வாங்கிய பிறகு 11.

இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை, கருவி மோசம் என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அது சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

வைஃபை என்பது ஒரே ஒரு ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு பலர் முறை வைத்துப் பேசுவது மாதிரி. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். எக்ஸ்டெண்டர் ரவுட்டரிடம் கேட்பதும், கேட்டதைப் போனுக்குத் திருப்பிச் சொல்வதும் ஒரே சேனலில் நடந்தால், ஒவ்வொரு துண்டுத் தகவலும் காற்றில் இரண்டு முறை போக வேண்டியிருக்கிறது. முதலில் ரவுட்டரிலிருந்து எக்ஸ்டெண்டருக்கு, பிறகு எக்ஸ்டெண்டரிலிருந்து போனுக்கு. இரண்டு பாதையும் ஒரே வேகம் என்றால் நேரம் இரட்டிப்பு, அதாவது வேகம் பாதி. "பாதியாகிறது" என்று எல்லோரும் சொல்வது இந்தச் சமமான நிலைமையைத்தான்.

மேசைக்குப் பக்கத்தில் மாட்டியபோது நிலைமை சமமாக இல்லை. எக்ஸ்டெண்டரும் அதே மாடி அறையில்தானே உட்கார்ந்திருக்கிறது? போனுக்கு 14 கிடைத்த இடத்தில் அதற்கும் ஏறக்குறைய 14தான் கிடைக்கும். அங்கிருந்து போனுக்கு இரண்டடி தூரம், அதில் 60 போகிறது என்று வைத்துக்கொள்வோம். 14 மெகாபிட் தகவல் முதல் பாதையைக் கடக்க ஒரு விநாடி. அதே 14 மெகாபிட் இரண்டாவது பாதையைக் கடக்க 14/60, அதாவது கால் விநாடிக்குச் சற்றுக் குறைவு. மொத்தம் 1.23 விநாடி. 14-ஐ 1.23 ஆல் வகுத்தால் 11.4. ஸ்பீட் டெஸ்டில் வந்த அதே எண். போனுக்குத் தெரியும் நான்கு கோடு அந்தக் கால் விநாடிப் பாதையைப் பற்றியது. மீதி ஒரு விநாடியைப் பற்றிச் சொல்ல ஆளில்லை.

திட்டத்தை 200 ஆக்கினாலும் இந்த 11 அப்படியே 11 ஆகத்தான் இருக்கும். தண்ணீர்த் தொட்டியைப் பெரிதாக்கிவிட்டு, நசுங்கிய குழாயை அப்படியே விட்ட மாதிரி.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது இடம். இதற்கும் இணையத்தில் ஒரு வழக்கமான அறிவுரை உண்டு, "ரவுட்டருக்கும் அறைக்கும் சரிபாதி தூரத்தில் வை" என்று. வெளிநாட்டு மரச்சட்ட வீடுகளுக்கு அது பொருந்தலாம். செங்கல் சுவரும் கம்பி கட்டிய கான்கிரீட் தளமும் உள்ள நம் வீடுகளில் அடிக்கணக்கில் பாதி தூரம் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. கீழ் ஹாலிலிருந்து படி வளைவு வரை இருபது அடியில் ஒரு தடையும் இருக்காது. அதற்கு மேல் ஐந்தடியில் ஒரு கான்கிரீட் தளம் குறுக்கே வந்து பாதிக்குமேல் தின்றுவிடும். இரும்புப் பீரோ, ஃபிரிட்ஜ், பெரிய நிலைக்கண்ணாடி, தண்ணீர் நிறைந்த தொட்டி இவையெல்லாம் சுவரைவிட மோசம். தரைக்குப் பக்கத்தில், கட்டிலுக்குப் பின்னால் இருக்கும் பிளக்கில் செருகிவிட்டு சிக்னல் வரவில்லை என்று புலம்புவதில் நியாயமில்லை.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்க எக்ஸ்டெண்டரே தேவையில்லை, போன் போதும். எக்ஸ்டெண்டரைக் கழற்றி வைத்துவிட்டு, போனை ரவுட்டரின் வைஃபையில் இணைத்துக்கொண்டு, வீட்டில் எங்கெங்கே பிளக் இருக்கிறதோ அங்கெல்லாம் நின்று ஸ்பீட் டெஸ்ட் போட வேண்டும். அங்கே போனுக்கு எவ்வளவு வருகிறதோ அதுதான் அந்த இடத்தில் எக்ஸ்டெண்டருக்குக் கிடைக்கப்போகும் உச்சவரம்பு. கடைசியில் அறையில் எவ்வளவு வேண்டுமோ அதைப்போல் இரண்டு மடங்காவது அங்கே வர வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் மாதிரியான ஆப் போட்டால் சிக்னலை எண்ணாகவே காட்டும். மைனஸ் 60, 65 டிபிஎம் வரை இருந்தால் எக்ஸ்டெண்டருக்கு நல்ல இடம். மைனஸ் 75-ஐத் தாண்டிவிட்டால் அங்கே மாட்டுவது வீண். (மைனஸ் என்பதால் எண் சிறியதாக இருந்தால்தான் நல்லது. மதிப்பெண் மாதிரி நினைத்து ஏமாந்துவிடக் கூடாது.)

நம் உதாரண வீட்டில் படி வளைவில், மாடி விளக்கு சுவிட்ச் போர்டில் ஒரு பிளக் இருந்தது. அங்கே நின்றால் ரவுட்டரிலிருந்து 2.4 கிகாஹெர்ட்ஸில் 45 வருகிறது. அங்கிருந்து அறைக்குள் ஒரு சுவர் தாண்டி 40 போகிறது. 40 மெகாபிட்டுக்கு முதல் பாதையில் 0.89 விநாடி, இரண்டாவதில் ஒரு விநாடி, மொத்தம் 1.89. வகுத்தால் 21. ஆக, வெறும் இடத்தை மாற்றியதில் 11 என்பது 21 ஆனது. இதில் வேடிக்கை என்னவென்றால், இப்போது போனில் நான்கு கோடு இல்லை, மூன்றுதான். கோடு குறைந்தது, வேகம் இரட்டிப்பானது. கோட்டைப் பார்த்து இடம் தேர்வு செய்கிறவர்கள் எல்லோரும் தவறான இடத்தில்தான் போய் நிற்பார்கள்.

அடுத்து பின்பாதையையே கவனிக்கலாம். இன்று கடையில் கிடைப்பவற்றில் மலிவானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ளவை, அட்டையில் என்300 என்று போட்டிருக்கும். அதற்கு ஒரே ரேடியோ, கேட்பதும் சொல்வதும் அதிலேயே. அதனால் மேலே சொன்ன பாதிக் கணக்கிலிருந்து அதற்குத் தப்பிக்க வழியே கிடையாது. கொஞ்சம் கூடுதல் விலையில் இரட்டை அலைவரிசை உள்ளவை வரும், ஏசி1200 என்று போட்டிருக்கும். இந்த 1200 என்ற எண்ணும் ஒரு விற்பனைத் தந்திரமே. 2.4-இல் 300, 5-இல் 867, இரண்டையும் கூட்டி மேலே முழுமையாக்கியது. எந்த ஒரு போனும் இரண்டையும் கூட்டி 1200 பெறப்போவதில்லை. அந்த 867-ம் காற்றில் ஓடும் பேச்சு வேகமே தவிர, கையில் கிடைக்கும் வேகம் அதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும். அட்டையில் இந்த எண்ணைப் பெரிய எழுத்தில் போடும் நிறுவனங்கள், "ஒரே அலைவரிசையில் வந்து போனால் பாதி" என்று சின்ன எழுத்திலாவது போட்டிருக்கலாம்.

ஆனால் இரட்டை அலைவரிசைக்கு ஒரு உண்மையான பலன் உண்டு, அதைத்தான் பலர் பயன்படுத்துவதில்லை. எக்ஸ்டெண்டர் ரவுட்டரோடு 5 கிகாஹெர்ட்ஸில் பேசி, அறையில் உள்ளவர்களுக்கு 2.4-இல் கொடுத்தால், இரண்டும் தனித்தனி ரேடியோ, தனித்தனிச் சேனல். ஒன்று பேசும்போது இன்னொன்று காத்திருக்க வேண்டாம். அப்போது பாதிக் கணக்கே இல்லை, இரண்டு பாதையில் எது மெதுவோ அதுதான் வேகம். படி வளைவில் 5-இல் 88 வந்தது. அறைக்கு 2.4-இல் 40. எனவே கணக்குப்படி 40, அறையில் போட்ட ஸ்பீட் டெஸ்டில் 36. பட்டனை அழுத்தி மட்டும் இணைத்திருந்தால் எக்ஸ்டெண்டர் எந்த அலைவரிசையைப் பிடித்திருக்கிறது என்றே தெரியாது. அதன் அமைப்புப் பக்கத்துக்குள் போய், ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரில் பின்பாதை இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

இதில் ஒரு சின்ன ஆபத்தும் உண்டு. ரவுட்டர் தானாகச் சேனல் மாற்றிக்கொள்ளும்படி விடப்பட்டிருந்தால், அது மாற்றும் ஒவ்வொரு தடவையும் எக்ஸ்டெண்டர் பிடியை இழந்து தேடி அலையும். 5 கிகாஹெர்ட்ஸில் 52-லிருந்து 144 வரையான சேனல்கள் ரேடாருடன் பகிர்ந்துகொள்பவை. ரேடார் மாதிரி ஏதாவது கேட்டால் ரவுட்டர் உடனே விலக வேண்டும் என்பது விதி. மலிவான எக்ஸ்டெண்டர் பலவற்றுக்கு இந்தச் சேனல்களே தெரியாது. ரவுட்டர் 100-க்குத் தாவிவிட்டால் எக்ஸ்டெண்டரின் பார்வையில் ரவுட்டர் செத்துப்போனது. "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லப்படும் பல புகார்களின் பின்னால் இருப்பது இதுதான். ரவுட்டரில் சேனலை 36, 40, 44, 48 இவற்றில் ஒன்றில் நிறுத்தி வைத்துவிட்டால் இந்தத் தொல்லை போகும்.

சரி, வேகம் வந்துவிட்டது. இணைப்பு அறுவது? அதற்குப் பெரும்பாலும் காரணம் பெயர்.

எக்ஸ்டெண்டருக்கும் ரவுட்டருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு கொடுங்கள், போன் தானாகவே நல்லதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்கின்றன. பாதி சரி. எதில் ஒட்டிக்கொள்வது என்று முடிவு செய்வது ரவுட்டரும் அல்ல, எக்ஸ்டெண்டரும் அல்ல, போன்தான். போனோ பிடித்ததை லேசில் விடாது. ஆப்பிள் நிறுவனமே தன் ஐபோன் மைனஸ் 70 டிபிஎம் வரை சிக்னல் இறங்கினால்தான் வேறு இடம் தேடத் தொடங்கும் என்று வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது. படியேறி மாடிக்கு வந்தவர் மேலே எக்ஸ்டெண்டர் இருந்தும் கீழே உள்ள ரவுட்டரையே மைனஸ் 68-இல் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். பெயர் ஒன்றாக இருப்பதால் எதில் இருக்கிறோம் என்பதும் அவருக்குத் தெரியாது.

நம் ஊருக்கே உரிய இன்னொரு வகையும் உண்டு. கரண்ட் போய்த் திரும்பி வருகிறது. ஃபைபர் ரவுட்டர் எழுந்து உட்கார இரண்டு மூன்று நிமிடம் ஆகும். சில எக்ஸ்டெண்டர்கள் அதற்கு முன்பே எழுந்து அதே பெயரைக் கூவத் தொடங்கிவிடும். கீழ் ஹாலில், ரவுட்டருக்கு எதிரிலேயே இருக்கும் டிவி, முதலில் கூப்பிட்ட குரலுக்கு, அதாவது படி வளைவில் இருக்கும் எக்ஸ்டெண்டருக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு ரவுட்டர் வந்தாலும் விடாது. டிவியில் ஓடும் படம் ரவுட்டரிலிருந்து மேலே போய், எக்ஸ்டெண்டரிலிருந்து கீழே வந்து, மாடியில் தேர்வு எழுதும் பெண்ணின் பாதையையும் சேர்த்து அடைத்துவிடும். ரவுட்டருக்கு இன்வெர்ட்டர் இருந்து படி வளைவுக்கு இல்லை என்றால் கதை வேறு மாதிரி, கரண்ட் போனதுமே மாடி அறுந்துவிடும்.

எல்லாவற்றையும்விட மோசமானது, பெயர் ஒன்று, பூட்டு இரண்டு என்ற நிலை. ஆறு மாதத்துக்கு முன்பு ரவுட்டரில் பாஸ்வேர்டை மாற்றியிருப்பார்கள். எக்ஸ்டெண்டர் பழைய பாஸ்வேர்டையே வெளியில் கொடுத்துக்கொண்டிருக்கும், அல்லது ரவுட்டர் புதிய வகைப் பாதுகாப்பிலும் எக்ஸ்டெண்டர் பழைய வகையிலும் இருக்கும். போனுக்கு அந்தப் பெயருக்கு ஒரே ஒரு சாவிதான் நினைவில் இருக்கும். கீழே திறக்கும், மேலே திறக்காது. "பாஸ்வேர்டு தவறு" என்று வரும், அல்லது இணைந்து இணைந்து அறும். பழைய ரவுட்டரைத் தூக்கிப் போடாமல் மாடியில் இரண்டாவது ரவுட்டராக அதே பெயரில் ஓடவிட்டவர்கள் வீட்டில் இன்னும் குழப்பம். அது தன் பங்குக்கு ஐபி முகவரியும் விநியோகிக்கத் தொடங்கி, கனெக்டட் ஆனால் இன்டர்நெட் இல்லை என்ற நிலைக்குக் கொண்டுபோய் விடும்.

ஆகவே இந்தக் கட்டுரையின் கட்சி இதுதான். பழுது பார்த்து முடியும் வரை எக்ஸ்டெண்டருக்குத் தனிப் பெயர் இருக்கட்டும். வீட்டுப் பெயரோடு "மாடி" என்று ஒட்டினாலே போதும். எது எதில் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும், டிவியில் மாடிப் பெயரை மறக்கச் செய்துவிடலாம். பாட்டிக்கு மேலே வரும்போதும் கீழே போகும்போதும் பெயர் மாற்றத் தெரியாதே என்று கேட்பார்கள், நியாயமான கேள்விதான். அப்படி நடமாடும் போன்கள் அதிகம் உள்ள வீட்டில், இடமும் பின்பாதையும் சரியான பிறகு பெயரை ஒன்றாக்கிக்கொள்ளலாம். அப்போது பெயரில் ஒரு இடைவெளி, ஒரு பெரிய எழுத்துகூட மாறாமல், பாஸ்வேர்டும் பாதுகாப்பு வகையும் ஒன்றாக இருக்க வேண்டும். குழம்பிப்போன ஒரு வலையமைப்பை முதல் நாளே ஒரே பெயரில் போட்டு மூடுவது, கரப்பான் பூச்சி இருக்கும் அறையில் விளக்கை அணைப்பது போல :-)

ஒரே பெயரில் இருக்கும்போது எதில் இருக்கிறோம் என்று பார்க்க விண்டோஸ் கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து இதைத் தட்ட வேண்டும்.

```
netsh wlan show interfaces
```

வருவதில் `BSSID` என்ற வரியைப் பாருங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் இந்த எண் ரவுட்டருக்கு ஒன்று, எக்ஸ்டெண்டருக்கு வேறொன்று. ரவுட்டர் பக்கத்தில் ஒரு தடவை, எக்ஸ்டெண்டர் பக்கத்தில் ஒரு தடவை பார்த்துக் குறித்து வைத்துக்கொண்டால் பிறகு சந்தேகமே இல்லை. (விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் லொக்கேஷன் அனுமதி கொடுத்தால்தான் இது வேலை செய்யும்.) `Signal` சதவீதத்தில் வரும், 50 சதவீதம் என்றால் ஏறக்குறைய மைனஸ் 75 டிபிஎம். அடுத்து அறுவது யார் குற்றம் என்று பார்க்க, மாடியிலிருந்து இரண்டு சாளரத்தில் இவற்றை ஓடவிட வேண்டும்.

```
ping -t 192.168.1.1
ping -t 8.8.8.8
```

முதலாவது ரவுட்டரின் முகவரி, வீட்டுக்கு வீடு மாறலாம். வீடியோ நிற்கும் நேரத்தில் முதலாவதே நூற்றுக்கணக்கான மில்லி விநாடிக்கு எகிறினாலோ `Request timed out` என்று வந்தாலோ, குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. முதலாவது நிதானமாக ஓடி இரண்டாவது மட்டும் தடுமாறினால், அப்போது இணைய நிறுவனத்துக்குப் போன் போடலாம், சண்டைக்கு ஆதாரமும் இருக்கும்.

இவ்வளவும் செய்து கிடைத்தது 36. பாடத்துக்கும் தேர்வுக்கும் தாராளம். ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி. இத்தனை பாடுபட்டு ஏன் காற்றிலேயே கொண்டுபோக வேண்டும்? ஹாலிலிருந்து படி வழியாக மாடி அறைக்கு 20 மீட்டர் கேபிள் போதும். ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை இழுக்கலாம். பெரும்பாலான எக்ஸ்டெண்டர்களின் அடியில் ஒரு கேபிள் துளை இருக்கிறது, அமைப்பில் ஆக்சஸ் பாயிண்ட் என்ற முறையும் இருக்கிறது. அதே கருவியை அந்த முறைக்கு மாற்றி, கேபிளைச் செருகி, மறுபடி மகளின் மேசைப் பக்கமே மாட்டலாம். பின்பாதை கம்பியில் போவதால் காற்றில் ஒரே ஒரு பயணம்தான். அறையில் 5 கிகாஹெர்ட்ஸில் 90-ஐ ஒட்டி வரும். முதல் நாள் அப்பா மாட்டிய அதே பிளக் இப்போது மிகச் சரியான இடமாகிவிடுகிறது. இந்த நிலையில் ஒரே பெயர் கொடுப்பதிலும் பெரிய ஆட்சேபம் இல்லை, எதில் ஒட்டிக்கொண்டாலும் நஷ்டம் குறைவு.

சுவரில் துளை போடுவதற்கு நம் வீடுகளில் இருக்கும் தயக்கம் புரியாததல்ல. பெயின்ட் அடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை என்பார்கள், வாடகை வீடு என்பார்கள். வாடகை வீட்டுக்காரர்கள் படிக்கைப்பிடி ஓரமாகவோ, கேபிள் டிவிக்காரர் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கும் துளை வழியாகவோ கொண்டுபோகலாம். அதுவும் முடியாதவர்களுக்கு மட்டுமே காற்று வழி. மெஷ் என்ற பெயரில் விற்கும் விலை கூடிய செட்களில், பின்பாதைக்கென்றே மூன்றாவது ரேடியோ உள்ளவை அவர்களுக்கு ஏற்றவை. இரண்டே ரேடியோ உள்ள மெஷ்ஷுக்கும் மேலே சொன்ன கணக்கெல்லாம் அப்படியே பொருந்தும், பெட்டி அழகாக இருக்கும் என்பதைத் தவிர.

கேபிள் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இரண்டு உண்டு. கேபிளைச் செருகும் முன்பே முறையை மாற்றிவிட வேண்டும். பழைய எக்ஸ்டெண்டர் முறையிலேயே, காற்றிலும் இணைப்பு, கம்பியிலும் இணைப்பு என்று விட்டால் தகவல் வட்டமாகச் சுற்றத் தொடங்கி, மாடி மட்டுமல்ல, மொத்த வீடும் படுத்துவிடும். கேபிளைச் செருகியதும் எல்லாம் நின்றுபோனால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். இன்னொன்று கேபிளின் தரம். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய கேபிள் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும், வளைத்தால் ஒடியும். உள்ளே உள்ள நான்கு ஜோடிக் கம்பியில் ஒன்று விட்டுப்போனாலும் ஜிகாபிட் துளைகூட 100-க்கு இறங்கிவிடும். மலிவான எக்ஸ்டெண்டரில் துளையே 100 எம்பிபிஎஸ்தான், அதில் உச்சம் 94 வரும். 100 திட்டம் வைத்திருக்கும் வீட்டுக்கு அதனால் நஷ்டமில்லை. 200-க்கு மாற்றிய வீட்டுக்குத்தான் அந்தத் துளை தடை. அங்கே ஜிகாபிட் துளை உள்ளதா என்று பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும், அல்லது திட்டத்தைப் பழையபடி 100-க்கே இறக்கிவிடலாம்.